சின்ன ஆடிட்டை போஸ்டர் அப்ஸ்ட்ராக்ட் ஆக்குவது: குறைகளை மறைக்காமல் எழுத ஒரு முழு வழிகாட்டி

வார்டிலோ தியேட்டரிலோ செய்த சின்ன ஆடிட்டை மாநாட்டுக்கு அனுப்பலாம் என்று முடிவெடுத்ததும் பலரும் முதலில் தேடுவது பி-வேல்யூவைத்தான். குறைகளைப் பற்றிக் கேட்டால், "அதை ஃபுல் பேப்பரில் விரிவாக எழுதிக்கொள்ளலாம்" என்பார்கள். ஆனால் அந்த ஃபுல் பேப்பர் பெரும்பாலும் வருவதே இல்லை. மாநாடுகளில் அப்ஸ்ட்ராக்ட்டாக வந்த ஆய்வுகள் பிறகு என்ன ஆயின என்று காக்ரேன் அமைப்பு 2018-ல் வெளியிட்ட மதிப்பாய்வு தொகுத்துப் பார்த்தது. முழுக் கட்டுரையாக வெளியானவை சுமார் 37 சதவீதம்தான். அதாவது, உங்கள் ஆடிட்டைப் பற்றி உலகத்தில் மிஞ்சப்போவது பெரும்பாலும் அந்த 250 அல்லது 300 சொற்கள் மட்டுமே. குறைகளைச் சொல்வதாக இருந்தால் அதற்குள்தான் சொல்லியாக வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை முதலிலிருந்து கடைசிவரை கொண்டுபோகிறேன். ஆடிட்டின் பொருளும் அதன் பின்னணியும் எந்த மகப்பேறு பிரிவிலும் காணக்கூடியவை. எண்கள் மட்டும் இந்த விளக்கத்துக்காக நானே அமைத்தவை, எந்த மருத்துவமனையின் தரவும் அல்ல.

எதை அளந்தோம் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

சிசேரியனுக்கு முன்பு தொற்றுத் தடுப்புக்காக ஒரு டோஸ் ஆன்டிபயாடிக், பெரும்பாலும் செஃபசோலின், கொடுக்கிறோம். குழந்தைக்கு மருந்து போய்விடக் கூடாது என்று ஒரு காலத்தில் தொப்புள் கொடியை கிளாம்ப் செய்த பிறகே கொடுத்தார்கள். இப்போது தோலில் கத்தி வைப்பதற்கு முன்பே கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 60 நிமிடத்துக்குள் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. அறுவை சிகிச்சைக்கான பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலிலும், "கடந்த 60 நிமிடத்துக்குள் ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டதா?" என்ற கேள்வி இருக்கிறது.

நம் ஆடிட்டின் கேள்வி இது: "திட்டமிட்ட சிசேரியன்களில் எத்தனை சதவீதத்தில், கீறலுக்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டது?" இந்த வாக்கியத்தில் யார், என்ன, எந்த அளவுகோல் என்ற மூன்றும் இருக்கின்றன. இதை எழுத முடியாவிட்டால் அப்ஸ்ட்ராக்ட்டைத் தொடங்காதீர்கள். "ஆன்டிபயாடிக் பயன்பாடு குறித்த ஆடிட்" என்று எழுதுபவருக்கு எதை எண்ண வேண்டும் என்றே இன்னும் தெளிவில்லை என்று அர்த்தம்.

இந்தக் கேள்வியில் தொற்று வந்ததா இல்லையா என்பது கிடையாது என்பதையும் இங்கேயே கவனித்துவிடுங்கள். நாம் அளந்தது ஒரு செயல்முறையை. கடைசியில் முடிவுரை எழுதும்போது இது முக்கியமாகும்.

எத்திக்ஸ் விஷயத்தையும் இந்த இடத்திலேயே முடித்துவிடுவது நல்லது. ஐசிஎம்ஆர் 2017-ல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதலில், நிறுவனத்துக்குள் செய்யும் தரக் கட்டுப்பாட்டு ஆடிட்டுகள் மறுஆய்விலிருந்து விலக்குப் பெறக்கூடியவை என்ற பட்டியலில் இருக்கின்றன. ஆனால் விலக்கு உண்டா என்பதை முடிவு செய்ய வேண்டியது எத்திக்ஸ் கமிட்டி, நாமல்ல. ஆடிட் தொடங்கும் முன்பே ஒரு பக்க விண்ணப்பம் கொடுத்து விலக்குக் கடிதம் வாங்கி வையுங்கள். அப்ஸ்ட்ராக்ட் படிவத்தில் அந்த எண்ணைக் கேட்கும்போது, தரவெல்லாம் எடுத்து முடித்த பிறகு கமிட்டியிடம் போய் நிற்பது சரியாகாது.

வகுக்கும் எண்ணை முதலில் முடிவு செய்யுங்கள்

நம் எடுத்துக்காட்டில் முதல் சுற்று நான்கு வாரம். அந்த நான்கு வாரத்தில் நடந்த திட்டமிட்ட சிசேரியன் எல்லாவற்றையும் தியேட்டர் ரெஜிஸ்டரிலிருந்து வரிசையாக எடுத்தோம். மொத்தம் 52. எமர்ஜென்சி கேஸ்களையும், ஏற்கெனவே வேறு தொற்றுக்காக ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருந்தவர்களையும் சேர்க்கவில்லை. கேஸ் ஷீட்டையும் அனஸ்தீசியா சார்ட்டையும் புரட்டியபோது கிடைத்தது இதுதான்: 22 பேருக்கு 60 நிமிடத்துக்குள் கொடுக்கப்பட்டிருந்தது, 18 பேருக்கு அப்படி இல்லை, 12 பேருக்கு ஊசி போட்டதாகக் குறிப்பு இருந்தாலும் நேரம் எழுதப்படவில்லை.

அந்த 18 பேருக்கு ஏன் தவறியது என்று பார்த்தால், பெரும்பாலும் ஒரே கதை. காலை ஏழரைக்கே வார்டில் லிஸ்ட்டில் உள்ள எல்லோருக்கும் ஊசி போட்டு அனுப்பிவிடுகிறார்கள். முதல் கேஸுக்கு அது சரியாக இருக்கும். மூன்றாவது கேஸில் கத்தி வைக்கும்போது மணி பதினொன்று. ஆகவே மாற்றமும் எளிதாகவே இருந்தது. வார்டில் போடுவதை நிறுத்தி, தியேட்டருக்குள் ஸ்பைனல் கொடுக்கும் நேரத்தில் அனஸ்தீசியா குழுவே ஊசி போட்டு, சார்ட்டில் நேரத்தை எழுதுவது என்று ஆக்கினோம். நான்கு மாதம் கழித்து இன்னொரு நான்கு வாரம் பார்த்தோம். தகுதியான கேஸ்கள் 41. சரியான நேரத்தில் 31, தவறியது 7, நேரம் எழுதாதது 3.

இங்கேதான் பெரும்பாலான அப்ஸ்ட்ராக்ட்டுகள் சறுக்குகின்றன. நேரம் எழுதாத 12 பேரையும் 3 பேரையும் பேசாமல் விட்டுவிட்டு, "55 சதவீதத்திலிருந்து 82 சதவீதமாக உயர்ந்தது" என்று எழுதிவிடுகிறார்கள். 22-ஐ 40-ஆல் வகுத்தால் 55, 31-ஐ 38-ஆல் வகுத்தால் 82. கணக்கில் பிழையில்லை. ஆனால் படிப்பவருக்கு 52 என்ற எண்ணே கண்ணில் படாது. முதல் சுற்றில் 23 சதவீதம் பேரின் நேரம் தெரியாது, இரண்டாவதில் 7 சதவீதம்தான் தெரியாது என்பதும் தெரியவராது. இந்த இரண்டு சதவீதங்களுக்கும் இடையிலான வித்தியாசமே ஒரு கண்டுபிடிப்பு. சார்ட் எழுதும் பழக்கம் மாறியிருக்கிறது. அப்படியானால் நாம் பார்த்த முன்னேற்றத்தில் எவ்வளவு ஊசி போடுவதில் வந்தது, எவ்வளவு எழுதுவதில் வந்தது?

ஆகவே மூன்று எண்களையும் கொடுங்கள்: சரி, தவறு, தெரியாது. இரண்டு சுற்றுக்கும் சேர்த்து ஆறு எண்தான், ஒரே வரியில் அடங்கிவிடும்.

சதவீதத்தோடு அதன் தடுமாற்றத்தையும் கொடுங்கள்

40 பேரில் 22 என்பது 55 சதவீதம். ஆனால் அவ்வளவு குறைந்த எண்ணிக்கையில் 95 சதவீத கான்ஃபிடன்ஸ் இன்டர்வல் 40-லிருந்து 69 வரை விரியும். 38-ல் 31 என்பதற்கு அது 67-லிருந்து 91 வரை. இரண்டையும் நான் வில்சன் முறையில் கணக்கிட்டேன். குறைந்த எண்ணிக்கைக்கு அது பொருத்தமானது, இணையத்தில் உள்ள இலவச கால்குலேட்டர்களிலும் கிடைக்கும். இரண்டு சுற்றுக்கும் உள்ள வித்தியாசம் 27 சதவீதப் புள்ளி, அதன் இன்டர்வல் 6-லிருந்து 44 வரை.

பி-வேல்யூவை மட்டும் கொடுத்தால், "ஏதோ மாறியது" என்று மட்டும் படிப்பவருக்குப் புரியும். 6-லிருந்து 44 வரை என்று கொடுத்தால், முன்னேற்றம் மிகச் சிறியதாகவும் இருக்கலாம், மிகப் பெரியதாகவும் இருக்கலாம், இந்த ஆடிட்டால் அதைப் பிரித்துச் சொல்ல முடியாது என்பது புரியும். "மாதிரி அளவு சிறியது" என்று தனியாக ஒரு வரி எழுதத் தேவையே இருக்காது, அந்த இன்டர்வலே அதைச் சொல்லிவிடும்.

தசமப் புள்ளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 38 பேரை வைத்துக்கொண்டு 81.58 சதவீதம் என்று எழுதாதீர்கள். ஒரே ஒரு கேஸ் மாறினாலும் அந்த எண் 2.6 புள்ளி நகரும். முழு எண் போதும்.

குறை என்றால், எந்தப் பக்கம், எவ்வளவு

"இது ஒரே மையத்தில் நடந்தது, மாதிரி சிறியது, பின்னோக்கிய ஆடிட்." இந்த வரியை எந்த அப்ஸ்ட்ராக்ட்டிலும் ஒட்டலாம். அதனாலேயே அதில் எந்தத் தகவலும் இல்லை. ஒரு குறையைச் சொல்வதென்றால் மூன்று விஷயம் வேண்டும்: என்ன நடந்தது, அது நம் எண்ணை எந்தப் பக்கம் தள்ளியிருக்கும், எவ்வளவு தள்ளியிருக்கலாம். மூன்றாவதைச் சொல்ல முடியாத இடத்தில் முதல் இரண்டையாவது சொல்லுங்கள்.

நம் ஆடிட்டில் பெரிய குறை, எழுதப்படாத நேரம். அதற்கு மூன்றாவதையும் சொல்ல முடியும், கஷ்டமான கணக்கும் இல்லை. நமக்கு மிகவும் பாதகமான நிலையை எடுத்துக்கொள்வோம். முதல் சுற்றில் நேரம் எழுதாத 12 பேருக்கும் உண்மையில் சரியான நேரத்தில்தான் போட்டார்கள், இரண்டாவது சுற்றில் எழுதாத 3 பேருக்கும் தவறாகவே போட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது முதல் சுற்று 52-ல் 34, அதாவது 65 சதவீதம். இரண்டாவது 41-ல் 31, அதாவது 76 சதவீதம். வித்தியாசம் 10 புள்ளிதான், இந்த எண்ணிக்கையில் அது தற்செயலாகவும் வரக்கூடியது. இப்போது நேர் எதிர்ப்பக்கம் போவோம். முதல் சுற்றில் 12-ம் தவறு, இரண்டாவதில் 3-ம் சரி என்றால் 42-லிருந்து 83-க்குப் போகிறது, வித்தியாசம் 41 புள்ளி. ஆக, "விடுபட்ட பதிவுகளை எப்படி எண்ணினாலும் வித்தியாசம் 10 முதல் 41 புள்ளிக்குள் இருக்கும்" என்று ஒரே வாக்கியத்தில் எழுதிவிடலாம். இது இருந்தால், நடுவர் கேட்க நினைத்த கேள்விக்கு அப்ஸ்ட்ராக்ட்டே பதில் சொல்லிவிடும்.

இரண்டாவது குறை, கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வு. இரண்டாவது சுற்றின்போது ஆடிட் நடப்பது தியேட்டரில் எல்லோருக்கும் தெரியும். மாற்றத்தைக் கொண்டுவந்தவர்களே தரவையும் எடுத்தார்கள். இரண்டுமே எண்ணை மேல்பக்கம்தான் தள்ளும். எவ்வளவு என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைச் செய்திருக்கலாம்: பத்து கேஸ் ஷீட்டை எடுத்து, எந்தச் சுற்று என்று சொல்லாமல், வேறொருவரை அதே படிவத்தை நிரப்பச் சொல்லி ஒப்பிட்டுப் பார்க்கலாம். இன்னும் செய்யவில்லை என்றால் அனுப்புவதற்கு முன் செய்யுங்கள், ஒரு மதியம் போதும். செய்தால் எத்தனையில் ஒத்துப்போனது என்று எழுதுங்கள். செய்யாவிட்டால், "தரவு எடுத்தவர் எந்தச் சுற்று என்பதை அறிந்திருந்தார்" என்று எழுதுங்கள்.

மூன்றாவது, இடைப்பட்ட நான்கு மாதத்தில் வேறு என்ன மாறியது? ஹவுஸ் சர்ஜன்கள் மாறியிருப்பார்கள். லிஸ்ட்டில் ஒரு நாளைக்கு வரும் கேஸ்கள் குறைந்திருக்கலாம். நம் எடுத்துக்காட்டிலேயே 52 என்பது 41 ஆகியிருக்கிறதே! லிஸ்ட் சின்னதானால் காத்திருக்கும் நேரமும் குறையும், ஊசி போடும் முறையை மாற்றாமலேயே 60 நிமிடத்துக்குள் வருபவர்கள் கூடுவார்கள். இந்த மாதிரி ஒரு மாற்று விளக்கத்தை நீங்களே கண்டுபிடித்து எழுதுவதுதான் நேர்மையான குறிப்பு. முன்-பின் ஒப்பீட்டில் கட்டுப்பாட்டுக் குழு இல்லை என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதைவிட இது பல மடங்கு பயனுள்ளது.

இன்னொன்று கடிகாரம். வார்டில் எழுதும் நேரம் பெரும்பாலும் 7:30, 7:45 என்று கால் மணிக் கணக்கில் இருக்கும். தியேட்டரில் ஐந்து நிமிடக் கணக்கு. இரண்டு சுவர்க் கடிகாரமும் ஒத்துப்போகும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 55 முதல் 65 நிமிடத்துக்குள் விழுந்த கேஸ்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றிரண்டுதான் என்றால் இந்தக் குறையை விட்டுவிடலாம். ஏழெட்டு இருந்தால் அப்ஸ்ட்ராக்ட்டில் இடம் கொடுத்தே ஆக வேண்டும்.

எல்லாக் குறைகளையும் எழுத இடம் இருக்காது. முடிவை மாற்றக்கூடிய இரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். மற்றவை போஸ்டரில் ஒரு கட்டத்துக்குள் போகட்டும்.

இப்போது எழுதலாம்

மாநாட்டுக்கு ஆங்கிலத்தில்தான் அனுப்பப்போகிறீர்கள். இருந்தாலும் முதலில் தமிழில் ஒரு முறை எழுதிப் பாருங்கள். ஆங்கிலத்தில் கையில் பழகிய வாக்கியங்கள் தானாக வந்து விழும், தமிழில் எழுதும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் யோசித்தாக வேண்டும். நம் ஆடிட் இப்படி வரும்:

*தலைப்பு:* திட்டமிட்ட சிசேரியனில் ஆன்டிபயாடிக் கொடுக்கும் நேரம்: ஒரு மருத்துவமனையில் இரண்டு சுற்று ஆடிட்

*பின்னணி:* சிசேரியனில் தடுப்பு ஆன்டிபயாடிக் கீறலுக்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் கொடுக்கப்பட வேண்டும். எங்கள் பிரிவில் அது வார்டிலேயே, லிஸ்ட் தொடங்குமுன் கொடுக்கப்பட்டு வந்தது.

*முறை:* நான்கு வாரம் தொடர்ந்து நடந்த எல்லாத் திட்டமிட்ட சிசேரியன்களின் கேஸ் ஷீட்டும் அனஸ்தீசியா சார்ட்டும் பார்க்கப்பட்டன. பிறகு ஊசி போடும் பொறுப்பு தியேட்டருக்குள் அனஸ்தீசியா குழுவுக்கு மாற்றப்பட்டது. நான்கு மாதம் கழித்து அதே முறையில் மீண்டும் நான்கு வாரம் பார்க்கப்பட்டது. எத்திக்ஸ் கமிட்டி விலக்கு அளித்தது.

*முடிவுகள்:* முதல் சுற்றில் 52 கேஸ்: சரியான நேரம் 22, தவறியது 18, நேரம் பதிவாகாதது 12. இரண்டாவதில் 41 கேஸ்: 31, 7, 3. நேரம் பதிவானவர்களில் சரியான நேரத்தில் பெற்றவர்கள் 55 சதவீதத்திலிருந்து (95% இன்டர்வல் 40–69) 82 சதவீதமாக (67–91) உயர்ந்தனர். வித்தியாசம் 27 புள்ளி (6–44).

*குறைகள்:* பதிவாகாத நேரம் முதல் சுற்றில் அதிகம். அவற்றை எப்படி எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து வித்தியாசம் 10 முதல் 41 புள்ளி வரை மாறும். ஆகவே முன்னேற்றத்தில் ஒரு பகுதி பதிவு செய்யும் பழக்கம் மாறியதால் வந்திருக்கலாம். இரண்டாவது சுற்றில் கேஸ்கள் குறைவு, காத்திருக்கும் நேரம் குறைந்ததும் காரணமாக இருக்கலாம். தொற்று அளவிடப்படவில்லை.

*முடிவுரை:* ஊசி போடும் இடத்தைத் தியேட்டருக்கு மாற்றிய பிறகு, சரியான நேரத்தில் கொடுப்பதும் நேரத்தைப் பதிவு செய்வதும் கூடின. மாற்றம் நிலைக்கிறதா என்பதைப் பதிவு முழுமையான பிறகு மூன்றாவது சுற்றில் பார்க்கவிருக்கிறோம்.

மாநாட்டின் படிவத்தில் குறைகளுக்கென்று தனிக் கட்டம் பெரும்பாலும் இருக்காது. அப்போது பதிவாகாத நேரத்தைப் பற்றிய வாக்கியத்தை முடிவுகளின் கடைசியிலும், மற்றதை முடிவுரையின் முதல் வாக்கியத்திலும் வையுங்கள். இடம் போதவில்லை என்றால் பின்னணியில் வெட்டுங்கள். கேட்பவர்கள் மகப்பேறு மருத்துவர்கள், ஆன்டிபயாடிக் ஏன் முக்கியம் என்று அவர்களுக்கு நான்கு வரி தேவையில்லை.

முடிவுரையின் வினைச்சொற்களைப் பாருங்கள்

மேலே "மாற்றிய பிறகு கூடின" என்றுதான் எழுதியிருக்கிறேன், "மாற்றியதால் கூடின" என்று எழுதவில்லை. முன்-பின் ஆடிட் அதற்கு மேல் சொல்ல விடாது. தலைப்பிலும் அதே கவனம் தேவை. "ஆன்டிபயாடிக் நேரத்தை மேம்படுத்திய எளிய மாற்றம்" என்று தலைப்பு வைத்துவிட்டு உள்ளே குறைகளை எழுதினால், பலரும் தலைப்பை மட்டுமே படித்துவிட்டுப் போவார்கள்.

தொற்றைப் பற்றி யாராவது ஒரு வரி சேர்க்கச் சொல்வார்கள். "இரண்டாவது சுற்றில் ஒருவருக்கும் காயத்தில் தொற்று வரவில்லை, அதைப் போடலாமே" என்று யூனிட் சீஃப்பே கேட்கலாம். மரியாதையாக மறுக்க ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு நிகழ்வு n பேரில் ஒருவருக்கும் வரவில்லை என்றால், உண்மையான விகிதம் ஏறக்குறைய 3/n வரை இருக்கலாம். 41 பேரில் பூஜ்யம் என்றால் 7 சதவீதம் வரைக்கும் தொற்று இருக்க வாய்ப்பு உண்டு என்று பொருள். அதோடு அறுவைக் காயத் தொற்றை 30 நாள் வரை பார்க்க வேண்டும். நாம் பார்த்தது டிஸ்சார்ஜ் வரைக்கும்தான். "சார், இதைப் போட்டால் போஸ்டர் முன்னால் நிற்கும்போது முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும்" என்று சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

அனுப்புவதற்கு முன்

அப்ஸ்ட்ராக்ட்டில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் மூல எக்செல் தாளிலிருந்து இன்னொருவர் மறுபடி எண்ணட்டும். 22, 18, 12 மூன்றையும் கூட்டினால் 52 வருகிறதா, 31, 7, 3 கூட்டினால் 41 வருகிறதா என்று பாருங்கள். வார்த்தை வரம்புக்காக வெட்டும்போது இந்தக் கூட்டல்தான் முதலில் உடையும். யாராவது "தெரியாது" என்ற எண்ணை நீக்கியிருப்பார்கள், ஆனால் 52 அப்படியே நிற்கும்.

பெயர் சேர்க்கும் ஒவ்வொருவருக்கும், குறைகள் பகுதி உட்பட முழு வடிவத்தையும் அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். வார்டு செவிலியரும் அனஸ்தீசியா டெக்னீஷியனும் இதில் வேலை செய்திருந்தால் அவர்கள் பெயர் ஆசிரியர் பட்டியலிலோ நன்றியிலோ இருக்கிறதா என்று பாருங்கள். "18 பேருக்குத் தவறியது" என்ற வரி வார்டைக் குறை சொல்வதாகப் படக்கூடும். அதனால் அவர்கள் அதை மாநாட்டில் பார்ப்பதற்கு முன் உங்களிடமிருந்து கேட்டிருக்க வேண்டும். ஏழரைக்கு ஊசி போடச் சொன்னது பிரிவின் வழக்கம், போட்ட கை அதைச் சரியாகத்தான் செய்தது என்பதையும் சொல்லுங்கள்.

நோயாளியை அடையாளம் காட்டும் எதுவும் இருக்கக் கூடாது. ஐபி எண், தேதி, அபூர்வமான நோய்க் குறிப்பு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். எக்செல் தாளையும் விலக்குக் கடிதத்தையும் அனுப்பிய பிரதியையும் துறையின் கணினியில் ஒரே ஃபோல்டரில் போட்டு, அது எங்கே இருக்கிறது என்று அடுத்த பேட்ச் பிஜி ஒருவரிடம் சொல்லி வையுங்கள். மூன்றாவது சுற்றைச் செய்யப்போவது பெரும்பாலும் அவர்தான்.